பிளம்பருக்கு முன்னால் கொத்தனார் வைக்கும் புள்ளி: வீட்டின் முடிப்பு வேலைகளை எந்த வரிசையில் செய்வது?

தர்மபுரியில் பென்னாகரம் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு. நான் மேற்பார்வை பார்த்த வேலை. பூச்சு முடிந்து, குளியலறைச் சுவருக்கு டைல்ஸும் ஒட்டியாகிவிட்டது. சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் டைவர்ட்டரின் கைப்பிடியை மாட்ட வந்த பிளம்பர், அதை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"உள்ள போயிருச்சுங்க" என்றார்.

சுவருக்குள் புதைத்திருந்த டைவர்ட்டர், இருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு அங்குலம் உள்ளே இருந்தது. கைப்பிடி எட்டவில்லை. அந்த மாடலுக்கு நீட்டிப்புத் துண்டு கடையில் கிடைக்கவில்லை. இரண்டு டைல்ஸை உடைத்து, பூச்சைக் கொத்தி, டைவர்ட்டரை முன்னால் இழுத்து வைத்து, மறுபடி பூசி ஒட்டினோம். வாங்கி வைத்த டைல்ஸில் மிச்சம் இல்லை. கடையில் அதே பெயரில் வந்தது வேறு பேட்ச்; கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. இன்றைக்கும் அந்தக் குளியலறைக்குள் போனால் என் கண்ணுக்கு முதலில் படுவது அந்த இரண்டு டைல்ஸ்தான்.

பிளம்பர் கவனக்குறைவானவர் இல்லை. டைல்ஸ்காரரும் நல்ல கை. தப்பு என்னுடையது. வேலைகளை நான் வரிசையாகத்தான் விட்டேன், ஆனால் அந்த வரிசையில் அரை நாள் வேலை ஒன்று விட்டுப்போயிருந்தது.

வீடு கட்டுகிற எவரைக் கேட்டாலும் வரிசையைச் சொல்லிவிடுவார்கள். முதலில் சுவரில் பைப் போடணும், அப்புறம் பூச்சு, அப்புறம் தரை, கடைசியில் பெயிண்ட். இது பொய்யில்லை. ஆனால் இதை அப்படியே நம்பி ஆள் விட்டால் உடைப்பு வேலை வரும். ஒவ்வொரு ஆளும் ஒரே தடவை வந்து தன் வேலையை முடித்துவிட்டுப் போவதுபோல இந்த வரிசை காட்டுகிறது. உண்மையில் எலக்ட்ரீஷியன் மூன்று தடவை வருவார். பிளம்பரும் மூன்று தடவை. பெயிண்டர் இரண்டு தடவை. கொத்தனார், பூச்சுக்கு வருவதற்கு முன்னாலேயே ஒரு தடவை வர வேண்டும். அந்த அரை நாளைத்தான் நான் விட்டிருந்தேன்.

முடிந்த முகம் எங்கே வரும்?

செங்கல் கட்டு முடிந்த சுவர், நீங்கள் கடைசியில் பார்க்கப் போகும் சுவர் இல்லை. அதன்மேல் பூச்சு வரும், டைல்ஸ் வரும். அந்தக் கடைசி முகத்தைத்தான் 'முடிந்த முகம்' என்கிறேன். ஸ்விட்ச் பாக்ஸ், குழாய் எல்போ, டைவர்ட்டர், வாசக்கால், வெஸ்டர்ன் டாய்லெட்டின் கழிவுத் துளை எல்லாம் இந்த முடிந்த முகத்தோடு பொருந்த வேண்டியவை. ஆனால் அவற்றை வைக்கும் நாளில் அந்த முகம் இருக்காது. வெறும் செங்கலைப் பார்த்துக்கொண்டு, இன்னும் வராத ஒரு பரப்புக்குக் கணக்குப் போட்டு வைக்க வேண்டும்.

அந்தக் குளியலறையில் நடந்தது இதுதான். பிளம்பர் மனதில் ஒரு கணக்குப் போட்டார். பூச்சு 15 மி.மீ., டைல்ஸ் ஒட்டும் பசை 4 மி.மீ., டைல்ஸ் 8 மி.மீ., ஆகமொத்தம் 27 மி.மீ. செங்கல் முகத்திலிருந்து அந்த அளவு வெளியே டைல்ஸ் முகம் வரும் என்று டைவர்ட்டரை வைத்தார். கணக்கில் பிழையில்லை. ஆனால் சுவர் தூக்கு நிற்கவில்லை. தரையிலிருந்து மேலே போகப் போகக் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தது. அதை நேராக்க, டைவர்ட்டர் இருந்த உயரத்தில் கொத்தனார் 30 மி.மீ. பூச வேண்டியதாயிற்று. டைல்ஸ்காரர் பசை போடுபவர் இல்லை, சிமெண்ட் கலவையில் ஒட்டுபவர். அது 15 மி.மீ. டைல்ஸ் 8. கூட்டினால் 53 மி.மீ. பிளம்பர் நினைத்தது 27, வந்தது 53. இடையில் இருக்கும் 26 மி.மீ.தான் அந்த ஒரு அங்குலம்.

இதற்கு மருந்து மிகச் சின்னது. பைப் வேலைக்கு முன்னால் கொத்தனாரை அரை நாள் கூப்பிட்டுச் சுவர்களுக்குப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பூசுவதற்கு முன் கொத்தனார் சுவரில் ஆங்காங்கே உள்ளங்கை அளவுக்குக் கலவையை அப்பி, தூக்குக் குண்டு பிடித்து, எல்லாப் புள்ளியையும் ஒரே நேருக்குக் கொண்டுவருவார். பூச்சு எந்தக் கனத்தில் வரும் என்பதை அந்தப் புள்ளிதான் சொல்லும். எப்படியும் அவர் செய்யப் போகும் வேலை அது. பைப் வேலை முடிந்த பிறகு செய்வதை, அதற்கு முன்னால் செய்கிறார், அவ்வளவுதான்.

புள்ளி வைத்துவிட்டால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நூல் கட்டிக்கொள்ளலாம். அந்த நூல்தான் பூச்சு முகம். எலக்ட்ரீஷியன் தன் மெட்டல் பாக்ஸின் விளிம்பை நூலுக்குச் சரியாக வைப்பார். பிளம்பர் அதிலிருந்து பசை அல்லது கலவையின் கனத்தையும் டைல்ஸ் கனத்தையும் மட்டும் கூட்டினால் போதும். புதைக்கும் டைவர்ட்டர்களில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று அதில் இரண்டு கோடுகள் போட்டிருப்பார்கள். டைல்ஸ் முகம் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும். நூல் கட்டியிருந்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வைக்கும் பிளம்பர்கள் உண்டு. அதை மட்டும் விடாதீர்கள்.

டைல்ஸ் பசையில் ஒட்டுவதா, கலவையில் ஒட்டுவதா என்பதையும் இந்த நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும். டைல்ஸ் வாங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்று தோன்றும். வாங்க வேண்டாம், கனத்தை மட்டும் முடிவு செய்தால் போதும். அதேபோல வெஸ்டர்ன் டாய்லெட் எந்த மாடல் என்பதும் தெரிந்தாக வேண்டும். தரையில் கழிவுத் துளை வரும் மாடல்களில், துளையின் மையம் முடிந்த சுவரிலிருந்து இத்தனை அங்குலம் என்று ஒரு அளவு இருக்கும். ஒன்றுக்கு 4, ஒன்றுக்கு 9, இன்னொன்றுக்கு 12. துளையை வைத்துவிட்டு அப்புறம் கடைக்குப் போனால், பிடித்த மாடலை வாங்க முடியாது, பொருந்துகிற மாடலைத்தான் வாங்க வேண்டி வரும்.

தரைக்கும் ஒரு முகம் உண்டு

சுவருக்குப் புள்ளி என்றால் தரைக்கு மட்டக்கோடு. முடிந்த தரையிலிருந்து சரியாக 1 மீட்டர் உயரத்தில், வீட்டின் எல்லா அறைச் சுவர்களிலும் ஒரே மட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். தண்ணீர் நிரப்பிய டியூபோ லேசர் மட்டமோ வைத்து ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடலாம். புள்ளி வைக்கும் அன்றைக்கே இதையும் போட்டுவிடுவது என் வழக்கம். பூசும்போது கோடு மறைந்துவிடும், பூச்சுக்குப் பிறகு திரும்பப் போட வேண்டும். அதற்காக வாசக்காலில் ஒரு ஆணிக் குறி வைத்துக்கொண்டால் மறுபடி தேட வேண்டியதில்லை.

கோடு என்னத்துக்கு? எல்லா உயரத்தையும் இந்தக் கோட்டிலிருந்து அளக்கத்தான். இன்றைக்கு இருக்கும் கரடுமுரடான கான்கிரீட் தரையிலிருந்து அளந்தால் ஹாலில் ஒரு அளவு வரும், சமையலறையில் ஒரு அளவு வரும். ஸ்விட்ச் போர்டுகள் அறைக்கு அறை ஏறி இறங்கி நிற்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

குளியலறைத் தரைத் தண்ணீர் வெளியேறும் சல்லடை மூடிய நானி டிராப்பை வைத்து இதைப் பார்ப்போம். ஹால் தரையை சைபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளியலறைத் தரை வாசலில் 20 மி.மீ. தாழ்வாகத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஹாலுக்கு வரும். வாசலிலிருந்து டிராப் 6 அடி தள்ளி இருக்கிறது, அதாவது சுமார் 1,800 மி.மீ. தண்ணீர் தங்காமல் ஓட 80க்கு 1 என்ற வாட்டம் வைக்கலாம். 1,800ஐ 80ஆல் வகுத்தால் 22 அல்லது 23 மி.மீ. ஆக டிராப்பின் சல்லடை ஹால் தரையைவிட 20உம் 23உம் சேர்த்து 43 மி.மீ. கீழே இருக்க வேண்டும். 1 மீட்டர் கோட்டிலிருந்து அளந்தால் 1,043 மி.மீ. இந்த எண்ணைச் சுவரிலேயே சாக்பீஸால் எழுதிவிடுவேன். டிராப்பை வைப்பவர் பிளம்பர், வாட்டம் கொடுப்பவர் டைல்ஸ்காரர். இருவரும் ஒரே நாளில் வருவதில்லை. பிளம்பர் 20 மி.மீ. உயரமாக டிராப்பை வைத்துவிட்டால், டைல்ஸ்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வாட்டம் வராது. மூலையில் தண்ணீர் நிற்கும்.

காடி, பைப், சோதனை

புள்ளியும் கோடும் வந்த பிறகுதான் பைப் புதைக்கச் சுவரில் பள்ளம் வெட்டுவது, அதாவது காடி எடுப்பது. செங்கல் கட்டு இளசாக இருக்கும்போது வெட்டினால் கல் ஆடிவிடும். கட்டி முடித்து நன்றாகத் தண்ணீர் விட்டு, இரண்டு வாரமாவது போகட்டும். சுத்தியலும் உளியும் வைத்து அடிக்காமல், கட்டிங் மெஷினில் இரண்டு பக்கமும் கோடு வெட்டிவிட்டு நடுவில் மட்டும் கொத்துவது நல்லது.

எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பதற்குப் பொதுவான வரம்பு ஒன்று இருக்கிறது. மேலிருந்து கீழாகப் போகும் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. படுக்கையாகப் போகும் காடி ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. நாலரை அங்குலச் சுவர் என்றால் கனம் சுமார் 115 மி.மீ. நட்டமாக 38 மி.மீ. வரை வெட்டலாம், 25 மி.மீ. பைப் தாராளமாக உட்காரும். படுக்கையாக 19 மி.மீ.தான், அதே பைப் அதில் அடங்காது. அதனால்தான் மெல்லிய சுவரில் பைப்பைப் படுக்கையாக இழுக்காமல், மேலே கூரை வழியாகவோ கீழே தரை வழியாகவோ கொண்டுபோய், வேண்டிய இடத்தில் நட்டமாக ஏற்றி இறக்க வேண்டும். டைவர்ட்டரை ஒன்பது அங்குலச் சுவர்ப் பக்கம் வைத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. இதை பிளான் போடும்போதே யோசிக்க வேண்டும்.

எலக்ட்ரீஷியனின் முதல் வருகையில் காலிப் பைப்பும் பாக்ஸும் மட்டும்தான். கம்பி இழுக்கக் கூடாது. பாக்ஸுக்குள்ளும் பைப் வாயிலும் காகிதத்தைத் திணித்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பூச்சுக் கலவை உள்ளே போய்க் கல்லாகிவிடும். அடைபட்ட பைப்பில் கம்பி இழுக்க வேண்டுமானால் சுவரைத்தான் உடைக்க வேண்டும். காடியைக் கலவையால் மூடியதும் அதன்மேல் கோழிவலை அடிக்க வேண்டும். வலை காடியின் இரண்டு பக்கமும் நல்ல செங்கல்மேல் நாலு நாலு அங்குலம் ஏறி நிற்க வேண்டும். பைப் போன வழியே ஒரு வருடம் கழித்து மயிர்க்கோடாக விரிசல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வலை இல்லை, அல்லது காடியின் அகலத்துக்கு மட்டும் வெட்டி வைத்திருப்பார்கள். கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்துக்கும் இதே வலைதான்.

தண்ணீர் பைப்பைக் காடியில் வைத்ததும் மூடிவிடக் கூடாது. ஒட்டிய பசை காய ஒரு நாள் விட்டு, எல்லா வாயையும் பிளக் போட்டு அடைத்து, பைப்பில் காற்று நிற்காமல் தண்ணீரை நிரப்பி, கைப் பம்பால் அழுத்தம் ஏற்ற வேண்டும். சி.பி.வி.சி. பைப்புக்கு வழக்கமாக 10 பார் வரை ஏற்றுவார்கள். பம்பில் இருக்கும் மீட்டரின் முள் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் எங்கோ கசிகிறது. பைப் வெளியே தெரிகிற நாள் என்பதால் எந்த மூட்டு ஈரமாக இருக்கிறது என்று விரலால் தடவியே கண்டுபிடித்துவிடலாம். சில பிளம்பர்கள் "மோட்டாரைப் போட்டு டேங்க் தண்ணியிலயே பார்த்துட்டங்க" என்பார்கள். மொட்டை மாடித் தொட்டி 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே அதன் அழுத்தம் அரை பார்தான். அந்த அழுத்தத்தில் கசியாத மூட்டு, பின்னால் பிரஷர் பம்ப் வைக்கும் நாளில் கசியும்.

சோதனை முடிந்ததும் பிளக்கைக் கழற்ற வேண்டாம். பூச்சு முடியும்வரை பைப்பில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கட்டும். பூச்சுக்காரர் கம்பி குத்தியோ ஆணி அடித்தோ பைப்பை ஓட்டை போட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

பூச்சும் அது காயும் ஒரு மாதமும்

பூச்சைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, கொத்தனார்களுக்கு வரிசை தெரியும். முதலில் கூரை அடிப்பாகம், பிறகு சுவர், சுவரிலும் மேலிருந்து கீழே. குளியலறையில் டைல்ஸ் வரும் சுவரை வழவழப்பாக்காமல் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள். குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்கு விட்ட தண்ணீர் பத்து மணிக்குள் போய்விடும், ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது அடிக்க வேண்டும்.

வெளிப்பூச்சையும் மொட்டை மாடித் தளத்து வேலையையும் உள்ளே பட்டி பார்ப்பதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். பணம் தட்டுப்பாடாக இருக்கும்போது 'உள்ளே முடித்துக் குடி வந்துவிடலாம், வெளிப்பூச்சு அப்புறம்' என்று பலரும் நினைக்கிறார்கள். பூசாத வெளிச்சுவர் புரட்டாசி, ஐப்பசி மழையைக் குடித்து, உள்ளே புதிதாக அடித்த பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளும். பணம் இல்லையென்றால் உள்ளே பெயிண்டை நிறுத்துங்கள், வெளிப்பூச்சை நிறுத்தாதீர்கள்.

சிமெண்ட் பூச்சு பெயிண்டுக்குத் தயாராகச் சுமார் 28 நாள் ஆகும். மழைக்காலம் என்றால் இன்னும் கூட. காய்ந்ததா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுரமாக ஒரு பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு, மறுநாள் காலையில் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அதன்மேல் பட்டி பார்த்தால் உப்புப் பூக்கும், உரியும்.

இந்த ஒரு மாதத்தைச் சும்மா விடுவதில்தான் பலருக்கு எரிச்சல். சும்மா விட வேண்டியதில்லை. பெயிண்டுக்குத்தான் காய வேண்டும், மற்றவர்களுக்கு இதுதான் நல்ல சமயம். தூசியும் சேறும் கிளப்பும் வேலைகளை எல்லாம் இந்த மாதத்துக்குள் தள்ளுங்கள்.

முதலில் குளியலறை. பிளம்பர் இரண்டாவது தடவை வருவது இதற்குத்தான். கழிவுப் பைப்புகள் தளத்தைத் துளைத்துப் போகும் இடங்களை அடைத்து, தரையிலும், ஷவர் பக்கம் ஆளுயரத்துக்கும், மற்றச் சுவர்களில் ஒரு அடி உயரத்துக்கும் நீர்க்காப்புப் பூச்சு அடிக்க வேண்டும். பிறகு டிராப்பை அடைத்துத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் நிறுத்த வேண்டும். கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ்காரர் வரலாம். இந்த இரண்டு நாள் சோதனையை விட்டுவிட்டு அவசரமாகத் தரையை மூடிய வீடுகளில் பின்னால் என்ன செய்வார்கள் தெரியுமா? தரை முழுவதையும் பெயர்ப்பார்கள். வேறு வழியே கிடையாது.

குளியலறையில் சுவர் டைல்ஸ் முதலில், தரை அப்புறம். அதிலும் சுவரின் அடி வரிசையை விட்டுவிட்டு, ஒரு கட்டையைத் தாங்கலாக வைத்து இரண்டாவது வரிசையிலிருந்து மேலே ஒட்டுவார்கள். தரைக்கு வாட்டம் கொடுத்து ஒட்டிய பிறகு, விட்டுவைத்த அடி வரிசையை வாட்டத்துக்கு ஏற்ப வெட்டி இறக்குவார்கள். அப்போது சுவர் டைல்ஸ் தரை டைல்ஸ்மேல் வந்து உட்காரும். சுவரில் வழியும் தண்ணீர் இடுக்குக்குள் போகாமல் நேரே தரையில் விழும்.

அதே சமயத்தில் சமையலறை மேடைக்கும் படிக்கட்டுக்கும் கிரானைட். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் வெட்டியெடுக்கும் கல் நமக்குக் கையெட்டும் தூரத்தில் கிடைப்பதால் இங்கே வீட்டுக்கு வீடு கிரானைட்தான். கல் பாலிஷ் ஏறியே வரும். ஆனால் விளிம்பு உருட்டுவதும், சிங்க்குக்கு ஓட்டை போடுவதும் இடத்திலேயே நடக்கும். அந்தச் சாம்பல் நிறச் சேறு ஒரு ஆள் உயரத்துக்குச் சுவரில் தெறிக்கும். வெள்ளையாகப் பட்டி பார்த்த சுவருக்குப் பக்கத்தில் கிரானைட்காரரை விட்ட ஒரு வீட்டுக்காரர், பெயிண்டருக்கு மறுபடி பிரைமர் காசு கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். மேடைக்கு மேலே வரும் சுவர் டைல்ஸ், மேடைக் கல் உட்கார்ந்த பிறகு.

எலக்ட்ரீஷியனின் இரண்டாவது வருகையும் இந்த மாதத்தின் பின்பாதியில்தான். தண்ணீர் விடுவது நின்று, பைப்புக்குள் ஈரம் போனதும் கம்பி இழுப்பார். ஃபால்ஸ் சீலிங் உண்டென்றால் அதன் சட்டம், விளக்குக் கம்பி, பலகை எல்லாம் பட்டிக்கு முன்னால் முடிய வேண்டும்.

தரை முதலா, பெயிண்ட் முதலா?

இந்தக் கேள்விக்கு ஊரில் இரண்டு கட்சி. தரையை ஒட்டிவிட்டுப் பெயிண்ட் அடிக்கலாம் என்பவர்கள், 'டைல்ஸ்காரன் அடிச்சுவரைப் பாழாக்குவான், அதை பெயிண்ட் மறைக்கும்' என்பார்கள். பெயிண்ட் முதலில் என்பவர்கள், 'சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும், பட்டி தேய்த்த மாவு டைல்ஸ் இடுக்கில் போய் உட்காரும்' என்பார்கள். இரண்டும் உண்மை. அதனால்தான் பெயிண்டரை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன்.

முதல் வருகையில் அவர் கூரைக்கும் சுவருக்கும் பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமரும் முதல் கோட்டும் அடித்துவிட்டுப் போகட்டும். மாவு கொட்டுவதும், சாரம் நகர்த்துவதும், சொட்டு விழுவதும் எல்லாம் கரடு கான்கிரீட்மேல் நடந்துவிடும். சுவரின் அடியில் தரையை ஒட்டி ஸ்கர்ட்டிங் டைல்ஸ் வரும் நாலு அங்குலத்தில் மட்டும் பட்டி பார்க்கக் கூடாது, டைல்ஸ் அங்கே பிடிக்காது. 1 மீட்டர் கோட்டிலிருந்து அளந்து அந்த இடத்தைக் கோடு போட்டுக் கொடுத்துவிடலாம்.

பிறகு அறைகளின் தரையும் ஸ்கர்ட்டிங்கும். தரை ஒட்டி இரண்டு மூன்று நாள் யாரும் நடக்கக் கூடாது என்பதால், உள் அறையில் தொடங்கி வாசலை நோக்கி வரச் சொல்லுங்கள். ஒட்டி முடித்த ஒவ்வொரு டைல்ஸையும் நாணயத்தால் தட்டிப் பார்க்கலாம். காலியாக 'டொக்' என்று கேட்டால் அடியில் கலவை நிரம்பவில்லை. அன்றைக்கே சொன்னால் பெயர்த்து ஒட்டுவார்கள். தரை காய்ந்ததும் பிளாஸ்டிக் தாள் விரித்து மூடிவிட வேண்டும். அதற்குப் பிறகு கதவு மாட்டுவது. தரைக்கு முன்னால் கதவை மாட்டினால், தரை ஏறியதும் அடியில் இடிக்கும். தச்சர் திரும்ப வந்து அறுக்க வேண்டும்.

கடைசிக்கு முந்தியது, எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் மூன்றாவது தடவை வருவது. ஸ்விட்ச், ஃபேன், விளக்கு, குழாய், டாய்லெட், வாஷ்பேசின். குழாய்களை மாட்டும் முன் பைப்பைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் தண்ணீரை ஓட விடுங்கள். மணலும் பைப் அறுத்த தூளும் வெளியே வந்துவிடும், இல்லாவிட்டால் புதுக் குழாயின் சல்லடையில் போய் அடைக்கும். பெயிண்டரின் கடைசிக் கோட்டை இவர்கள் எல்லோரும் போன பிறகு வைத்துக்கொள்வேன். ஸ்விட்ச் தட்டுகளை மட்டும் அன்றைக்குக் கழற்றி வைத்து, அடித்ததும் திரும்ப மாட்ட வேண்டும். பெயிண்டை முழுதாக முடித்துவிட்டு ஃபேன் மாட்டக் கூப்பிட்டால் கூரையில் ஐந்து கைவிரலும் பதிந்திருக்கும்.

இன்னொரு வேலை இருக்கிறது. அது நடுவில் செய்ய வேண்டியது, சொல்ல மறந்துவிட்டேன். பைப் சோதனை முடிந்து பூச்சுத் தொடங்குவதற்கு முந்தின நாள் சாயந்திரம், ஒவ்வொரு சுவரையும் டேப்பைப் பிடித்தபடி போட்டோ எடுத்து வையுங்கள். மூலையிலிருந்து பைப் எத்தனை செ.மீ. தள்ளிப் போகிறது என்று போட்டோவில் படிக்க முடிய வேண்டும். பூசிய பிறகு கனம் கூடுவதால் மூலையும் கொஞ்சம் நகரும், ஆகவே ஒன்றிரண்டு செ.மீ. கூட்டிக் குறைத்துத்தான் நம்ப வேண்டும்.

அந்தப் பென்னாகரம் ரோட்டு வீட்டில் இரண்டு வருடம் கழித்து கீசரை இடம் மாற்றினார்கள். டிரில் மெஷினோடு வந்தவர் என்னைக் கூப்பிட்டு, "சார், எந்தப் பக்கம் போடலாம்?" என்றார். போனில் பழைய போட்டோவைத் தேடி எடுத்தேன். வெறும் செங்கல் சுவர், புள்ளி இல்லை, நூல் இல்லை, என் தப்பு அதிலும் தெரிந்தது. ஆனால் டேப் தெளிவாக இருந்தது. வலது மூலையிலிருந்து 42 செ.மீ.யில் சுடுதண்ணீர் பைப். "மூலையிலிருந்து முப்பதுக்குள்ளயே போடுங்க" என்றேன்.